எலும்புக்கு ஒரு கணக்கு, நரம்புக்கு வேறு கணக்கு

மேற்கை எலும்பின் தண்டு முறிந்து, மணிக்கட்டும் தொங்கிப்போன நிலையில் ஒருவர் இரவில் வந்து சேர்ந்தால், மறுநாள் காலைக் கூட்டத்தில் ஏறக்குறைய ஒரே பேச்சுதான் எழும்: "ரேடியல் நரம்பும் போயிருக்கிறது, பேசாமல் பிளேட் போட்டுவிடலாம். போடும்போது நரம்பையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்." கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கும். எப்படியும் கையைத் திறக்கிறோம், எலும்பும் சேரும், நரம்பு அறுந்ததா இல்லையா என்பதும் அன்றே தெரிந்துவிடும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. எலும்பு மருத்துவனாகப் பல ஆண்டுகளாக இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன், நானும் பேசியிருக்கிறேன். ஆனாலும் அது எனக்குள் ஒருபோதும் முழுதாக அடங்கியதில்லை. முறிந்த துண்டுகளைத் திருகாணிகளால் இணைக்கும் உலோகப் பிளேட் வேண்டுமா என்பது எலும்பைப் பற்றிய கேள்வி. நரம்பைத் திறந்து பார்க்க வேண்டுமா என்பது நரம்பைப் பற்றிய கேள்வி. ஒன்றுக்கான விடையை மற்றதற்கும் விடையாக வைத்துக்கொள்ளும்போது, இரண்டில் ஒன்று ஆராயப்படாமலே போய்விடுகிறது.

எல்லா முறிவுகளையும் இங்கே பேசப்போவதில்லை. தோல் கிழியாத, ரத்தக் குழாய்க்குச் சேதமில்லாத முறிவு. அடிபட்ட கணத்திலிருந்தே மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த முடியாத கை. இந்த ஒரு நிலையில்தான் கருத்து வேறுபாடு அதிகம். மேற்கைத் தண்டு முறிவுகளில் சுமார் பத்தில் ஒன்றில், மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு செயலிழக்கிறது என்பதால், இது அரிதான சங்கடமும் அல்ல.

நரம்பு ஏன் அந்த இடத்தில் அடிபடுகிறது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியல் நரம்பு மேற்கை எலும்பின் பின்புறத்தைச் சாய்வாகச் சுற்றி வந்து, முழங்கையின் வெளிமுண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மேலே, தசைகளைப் பிரிக்கும் தடித்த சவ்வைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் வருகிறது. சவ்வைத் துளைக்கும் இடத்தில் அது இறுகப் பிடிபட்டிருப்பதால் நழுவி விலக வழியில்லை. எலும்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் திருகலாக முறியும்போது, கீழ்த்துண்டின் கூரிய முனை நேராக அந்த இடத்தை நோக்கி நகர்கிறது. 1963இல் ஹோல்ஸ்டீன், லூயிஸ் ஆகிய இருவரும் இதை விவரித்தார்கள். இன்றும் அந்த முறிவை அவர்கள் பெயரால்தான் அழைக்கிறோம். நரம்பு துண்டுகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் என்பதால் திறந்தே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அந்த எச்சரிக்கை பாடப்புத்தகம் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்துவிட்டது. பின்னால் வந்த தொகுப்புகளோ, இந்த வகை முறிவில் நரம்பு பாதிக்கப்படுவது அதிகம்தான், ஆனால் பாதிக்கப்பட்ட நரம்பு தானாக மீள்வது மற்ற முறிவுகளைப் போலத்தான் என்று காட்டின.

முதலில் எலும்பு

நாற்பதுகளில் இருந்த ஒருவர் படிக்கட்டில் விழுந்து, இடது மேற்கையில் மேலே சொன்ன வகை முறிவோடு வந்தார். தோல் சேதமில்லை, மணிக்கட்டு நாடி நன்றாக இருந்தது. முழங்கையை அவரால் நீட்ட முடிந்தது. டிரைசெப்ஸ் தசைக்கான கிளைகள் முறிவுக்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அது எதிர்பார்த்ததே. மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டுகளும் கட்டைவிரலும் நிமிரவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கையில் மரத்துப்போயிருந்தது.

இந்தப் பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. "விரலை நீட்டுங்கள்" என்று சொன்னால், நரம்பு முற்றிலும் செயலிழந்த கையிலும் விரல்களின் நடுமூட்டும் நுனிமூட்டும் நீளும். அதைச் செய்வது உள்ளங்கையின் சிறு தசைகள். அவற்றுக்கு அல்நார், மீடியன் நரம்புகள் உண்டு. அதுபோல, நோயாளி விரல்களை மடக்கிவிட்டுத் தளர்த்தும்போது மணிக்கட்டு சற்றே எழுந்ததுபோல் தோன்றும். மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, விரல்களின் அடிமூட்டு நிமிர்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். முதல் நாளில் "கொஞ்சம் அசைகிறது" என்று எழுதிவைத்து, சில வாரங்களில் "முழுதாகப் போய்விட்டது" என்று பதறுவதற்குப் பல நேரங்களில் காரணம் இந்தப் பொறிதான்.

நரம்பை ஒருபுறம் வைத்துவிட்டு எக்ஸ்ரேவை மட்டும் பார்த்தால், இது பிரேஸுக்கு ஏற்ற முறிவு. முன்பின்னாக 20 பாகை, பக்கவாட்டில் 30 பாகை, நீளத்தில் 3 சென்டிமீட்டர் குறைவு வரை மேற்கை பொறுத்துக்கொள்ளும் என்பது பழைய வழக்கமான அளவு; தோளும் முழங்கையும் அந்தக் கோணலை ஈடுகட்டிவிடும். 1977இல் சார்மியென்டோ அறிமுகப்படுத்திய பிரேஸ் இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளும் வெல்க்ரோ பட்டைகளும்தான். சுற்றியுள்ள தசைகளை அது இறுக்கிப் பிடிக்க, தசைகள் எலும்பை நேரே வைக்கின்றன. கை தொங்கும் கனம் துண்டுகளை வரிசைப்படுத்துகிறது.

இந்த இடத்தில் ஒரு தவறான தர்க்கம் நுழைவதைப் பார்த்திருக்கிறேன். தசை வேலை செய்தால்தானே பிரேஸ் வேலை செய்யும், நரம்பு செயலிழந்த கையில் அது எப்படிப் பலிக்கும் என்று கேட்பார்கள். கழுத்திலிருந்து வரும் நரம்புப் பின்னல் முழுவதுமே சேதமான கைக்கு இது சரியான கேள்வி. அங்கே பைசெப்ஸும் டிரைசெப்ஸும் தளர்ந்து, துண்டுகள் விலகி, எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால் பிளேட்டே நல்லது. இந்த மனிதருக்கோ இரண்டு தசைகளும் முழு வலுவோடு இருந்தன. முறிவுக்குக் கீழே ரேடியல் நரம்பு செயலிழந்தால் முன்கைதான் தளர்கிறது, மேற்கை அல்ல. ஆகவே நரம்புப் பாதிப்பு, அது மட்டுமே இருக்கும்வரை, பிளேட் போடுவதற்கான காரணம் ஆகாது.

பிரேஸை நான் உயர்த்திப் பிடிக்கவும் இல்லை. சார்மியென்டோ குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்பில், மூடிய முறிவுகளில் சேராமல் போனவை 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சிகிச்சை பெற்ற 922 பேரில் 620 பேரைத்தான் அவர்களால் பின்தொடர முடிந்தது. வராமல் போன முந்நூறு பேர் எப்படி இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. 2020இல் ஃபின்லாந்தில் 82 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் கையின் பயன்பாட்டில் பிளேட்டுக்கும் பிரேஸுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் பிரேஸில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். நோயாளியிடம் இந்த இரண்டாவது எண்ணையும் சொல்லியாக வேண்டும். பிளேட்டின் பக்கத்தில் வேறொரு செலவு இருக்கிறது: அறுவையாலேயே ரேடியல் நரம்பு செயலிழக்கும் வாய்ப்பு. ஏற்கெனவே கசங்கிய நரம்பை இன்னொரு முறை இழுத்து ஒதுக்குவது சும்மா கிடைக்கும் காரியமல்ல.

அவருக்கு முதலில் யு-ஸ்லாப் எனும் மாவுக்கட்டு, வீக்கம் வடிந்ததும் இரண்டாவது வாரத்தில் பிரேஸ், மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கத் தனியே ஒரு ஸ்பிளின்ட். முழங்கையை மேசைமீது ஊன்றக் கூடாது. சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்க வேண்டும். வீக்கம் குறையக் குறையப் பட்டையை நாள்தோறும் இறுக்க வேண்டும். மற்ற கையால் விரல்களையும் மணிக்கட்டையும் முழுதாக நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், நரம்பு திரும்பி வரும்போது அது அசைக்க வேண்டிய மூட்டு விறைத்துக் கிடக்கும். ஆறாவது வாரத்தில் பிரேஸைக் கழற்றி, முறிந்த இடத்தை மெல்ல அசைத்துப் பார்த்தேன். துண்டுகள் தனித்தனியே ஆடவில்லை. எக்ஸ்ரேயில் புது எலும்பு பாலம் கட்டத் தொடங்கியிருந்தது. அந்த வாரத்திலும் தாராளமாக ஆடியிருந்தால், மேலும் மூன்று மாதம் பிரேஸில் ஓட்டாமல் அப்போதே பிளேட்டைப் பற்றிப் பேசியிருப்பேன். எலும்பின் கணக்கு கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிட்டது.

நரம்பு வளரும் வேகம்

1943இல் செடன் நரம்புக் காயத்தை மூன்று படிகளாகப் பிரித்தார். முதல் படியில் நரம்பு அதிர்ச்சியில் உறைந்திருக்கிறது. இழைகள் அறுபடவில்லை, வாரங்களில் மீளும். இரண்டாவதில் உள்ளிழைகள் அழிந்துவிட்டன, வெளியுறை மட்டும் தொடர்ச்சியாக இருக்கிறது. காயமான இடத்திலிருந்து இழைகள் அந்த உறைக்குள்ளேயே மறுபடி வளர வேண்டும். மூன்றாவதில் நரம்பே அறுந்துவிட்டது. தையலோ ஒட்டு நரம்போ இல்லாமல் மீளாது. முதல் நாளில் மூன்றும் ஒரே மாதிரி தொங்கும் மணிக்கட்டாகத்தான் வந்து நிற்கும். மூடிய முறிவுகளில் பெரும்பான்மை முதல் இரண்டு படிகளைச் சேர்ந்தவை. எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் பத்தில் ஏழு முதல் எட்டுப் பேர் மீள்கிறார்கள் என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. முதல் அசைவு சராசரியாக ஏழாவது வாரத்தையொட்டித் தெரிகிறது.

ஏழாவது வாரம் வந்தது, அவருக்கு எதுவும் அசையவில்லை. அதற்கு முன்பே, நான்காவது வாரத்தில், ஊசி வைத்துத் தசையின் மின் அலைகளைப் பார்க்கும் இ.எம்.ஜி. எடுத்திருந்தோம். அழிந்த இழைகளின் அறிகுறி தசையில் வெளிப்பட மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும் என்பதால், அதற்கு முன் எடுப்பதில் பயனில்லை. முழங்கையை மடக்க உதவும் முன்கைத் தசையான பிரேக்கியோரேடியாலிஸில் நரம்புத் தொடர்பு அறுந்ததற்கான தன்னிச்சைத் துடிப்புகள் இருந்தன, விருப்பப்படி எழும் அலை ஒன்றுகூட இல்லை. ஆக இது முதல் படி அல்ல. இரண்டாவதா மூன்றாவதா என்பதை இ.எம்.ஜி. சொல்லாது, அந்த இடத்தில்தான் அல்ட்ராசவுண்ட் உதவியது. நல்ல அதிர்வெண் கொண்ட கருவியும் நரம்பைப் பார்த்துப் பழகிய கண்ணும் இருந்தால், நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறதா, முனைகள் விலகியிருக்கின்றனவா, துண்டுகளுக்கு இடையே நுழைந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். அவருடைய நரம்பு முறிவின் முனைக்கு அருகே வீங்கியிருந்தது, ஆனால் தொடர்ச்சி இருந்தது. இடைவெளி தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக எலும்பு சேர்ந்துகொண்டிருந்தாலும் அதே வாரத்தில் திறந்திருப்போம். அறுந்த நரம்புக்கு முன்னால் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இனி எவ்வளவு நாள் காத்திருப்பது என்ற கேள்வி. "மூன்று மாதம்" என்று ஒருவர் சொல்வார், "ஆறு மாதம்" என்று இன்னொருவர். எனக்கு இந்த இரண்டு எண்களும் வெறும் எண்களாக இருப்பதுதான் உறுத்தல். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்கிறது. அவருடைய முறிவின் முனை வெளிமுண்டுக்கு 10 சென்டிமீட்டர் மேலே. பிரேக்கியோரேடியாலிஸ் தசைக்கான கிளை முண்டுக்குச் சற்று மேலே பிரிந்து தசைக்குள் நுழைகிறது. காயத்திலிருந்து அதுவரை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அப்படியானால் 90 நாள். காயத்தைத் தாண்டி வளரத் தொடங்குவதற்கும், தசையைத் தொட்ட பிறகு அது சுருங்கும் அளவுக்குத் தொடர்பு முதிர்வதற்கும் சேர்த்து இன்னொரு மாதம். ஆகவே இந்த நரம்பு தானாக மீளுமானால், முதல் அசைவு நான்காவது மாதத்தையொட்டி வர வேண்டும். பன்னிரண்டாவது வாரத்தில் அசைவில்லை என்பதை வைத்து மட்டும் இந்த நரம்பு தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. முறிவு இன்னும் கீழே இருந்திருந்தால் அதே பன்னிரண்டு வாரம் கவலைக்குரியதாகியிருக்கும்.

மறுமுனையிலிருந்தும் கணக்கிட வேண்டும். நரம்புத் தொடர்பில்லாத தசை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மறுபடி இணைய முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. விரல்களை நிமிர்த்தும் தசைகள் காயத்திலிருந்து 20 சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கின்றன. நான்காவது மாதத்தில் திறந்து ஒட்டு நரம்பு வைத்தால், அந்தத் தசைகளைத் தொட ஏழெட்டு மாதம், ஓராண்டுக்குள் வந்துவிடலாம். ஆறாவது மாதம் வரை பொறுத்து, பிறகு நாள் பார்த்துத் திறந்தால், ஓராண்டைத் தாண்டிய பிறகே இழைகள் அங்கே போய்ச் சேரும். மணிக்கட்டு வரக்கூடும், விரல்களும் கட்டைவிரலும் சந்தேகம்தான். ஆறு மாதம் என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இந்தக் கூட்டல்தான்.

பதினான்காவது வாரம்

எலும்பு சேர்ந்து பிரேஸும் கழன்ற பிறகு, அவரும் அவருடைய தம்பியும் வந்து உட்கார்ந்தார்கள். "டாக்டர், மூணு மாசம் தாண்டிடுச்சு. உள்ளே திறந்து பார்த்தாத்தானே தெரியும்?" என்று தம்பி கேட்டார். என் சக மருத்துவர் ஒருவரும் அதே கருத்தில் இருந்தார்; அவர் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அதில் காத்திருந்தவர்களில் 77 சதவீதமும், மூன்று வாரங்களுக்குள் திறந்து பார்க்கப்பட்டவர்களில் 90 சதவீதமும், எட்டு வாரங்களுக்குப் பிறகு திறக்கப்பட்டவர்களில் 68 சதவீதமும் மீண்டிருந்தார்கள். சீக்கிரம் திறப்பதே மேல் என்பதுபோல் படிக்கத் தூண்டும் எண்கள். ஆனால் சீக்கிரம் திறக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எப்படியும் தானாக மீளக்கூடிய நரம்போடு இருந்தவர்கள். நரம்பைப் பார்த்தது அவர்களை மீட்கவில்லை. தாமதமாகத் திறக்கப்பட்டவர்களோ, தானாக மீள்பவர்கள் எல்லோரும் வடிந்துபோன பிறகு மிஞ்சியவர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தொடர்ச்சியுள்ள, கசங்கிய நரம்பைத் திறந்து பார்க்கும் மருத்துவர் அதற்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. பார்த்தோம் என்ற ஆறுதல் நமக்குக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அதற்காக எதுவும் செய்யாமல் அனுப்பிவிடவும் இல்லை. இரண்டாவது இ.எம்.ஜி. எடுத்தோம். முன்கையைப் பாதி திருப்பிய நிலையில் முழங்கையை மடக்கச் சொல்லி, பிரேக்கியோரேடியாலிஸில் ஊசியை வைத்திருந்தார்கள். சில நொடிகள் எதுவும் இல்லை. பிறகு திரையில் சிறிய, பல முனைகளாக உடைந்த அலைகள் இரண்டு மூன்று, அவர் முயலும்போது மட்டும் எழுந்தன. புதிதாக வந்து சேர்ந்த இழைகளின் அடையாளம் அது; கண்ணுக்குத் தெரியும் அசைவுக்குச் சில வாரங்கள் முந்தியே வரும். அறுவையைப் பற்றிய பேச்சை அந்த அலைகளே நிறுத்தின. அவை வராமல் இருந்து, பதினெட்டாவது வாரம் வரை தசையிலும் எதுவும் தென்படாமல் போயிருந்தால், திறப்பதற்கான நாளைக் குறித்திருப்போம். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன்.

பதினேழாவது வாரத்தில் அந்தத் தசையின் மேல் விரலை வைத்தபடி மடக்கச் சொன்னபோது, தோலுக்கடியில் கயிறு இறுகுவதுபோல் ஒரு சுருக்கம் கிடைத்தது. ஆறாவது மாதத்தில் மணிக்கட்டு புவியீர்ப்பை எதிர்த்து எழுந்தது. விரல்களின் அடிமூட்டு அதற்கு இரண்டு மாதம் பின்னால் வந்தது. கட்டைவிரலும், ஆள்காட்டி விரலைத் தனியாக நிமிர்த்துவதும் எல்லாவற்றுக்கும் கடைசி. மேற்கை 12 பாகை கோணலாகச் சேர்ந்தது. சட்டைக்கை போட்டால் யாருக்கும் தெரியாது.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு எந்த நரம்பையும் தொடவேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தோல் கிழிந்த முறிவில் மணிக்கட்டும் தொங்கினால், காயத்தைக் கழுவ எப்படியும் உள்ளே போகிறோம். அத்தகைய முறிவுகளில் நரம்பு அறுந்தோ சிக்கியோ இருப்பது மிக அதிகம். அங்கே நரம்பைப் பார்க்காமல் வெளியே வரக் கூடாது. பார்த்த அன்றே தைத்துவிடும் ஆசையையும் அடக்க வேண்டியிருக்கிறது: 2004இல் வெளிவந்த ஒரு தொகுப்பில், பலத்த அடியால் அறுந்து உடனே தைக்கப்பட்ட ரேடியல் நரம்புகளில் ஒன்றுகூட மீளவில்லை. கிழிந்த நரம்பின் முனை எதுவரை செத்திருக்கிறது என்பது அன்று கண்ணுக்குத் தெரியாது. முனைகளை அடையாளம் வைத்து, எலும்பை நிலைநிறுத்தி, சேதத்தின் எல்லை தெளிந்த பிறகு நல்ல பகுதிவரை வெட்டி ஒட்டு நரம்பு வைப்பதே பெரும்பாலும் தக்க வழி. ரத்தக் குழாய்க் காயம், கூரிய ஆயுதக் காயம் ஆகியவற்றிலும் காத்திருப்பு கிடையாது. முறிவை இழுத்துச் சரிசெய்த பிறகு நரம்பு செயலிழப்பது மட்டும் முன்பு திறந்தே ஆகவேண்டிய நிலையாகக் கற்பிக்கப்பட்டது; அவர்களும் மற்றவர்களைப் போலவே மீள்வது தெரிந்தபின், அங்கும் அல்ட்ராசவுண்டையே முதலில் நாடுகிறேன்.

எலும்பின் காரணத்துக்காகப் பிளேட் முடிவானால், உதாரணமாகப் பல எலும்புகள் முறிந்தவருக்கோ, பிரேஸில் நேர்நிற்காத பருத்த கைக்கோ, அப்போது நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து, பிளேட்டுக்கு அடியில் அது மாட்டவில்லை என்று உறுதிசெய்வது கட்டாயம். நரம்பு பிளேட்டின் எத்தனையாவது துளையின் மேல் கடக்கிறது என்பதை அறுவைக் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். பின்னொரு நாள் அந்தப் பிளேட்டை எடுக்கப்போகும் மருத்துவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

ஓராண்டைத் தாண்டி, எந்த அசைவும் இல்லாமல் முதல்முறையாக வருபவர்களும் உண்டு. அவர்களிடம் நரம்பைத் திறப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. முன்கையைக் கவிழ்க்கும் தசையின் நாணை மணிக்கட்டுக்கும், மணிக்கட்டை மடக்கும் நாண்களில் ஒன்றை விரல்களுக்கும், உள்ளங்கைப் பக்கத்தின் நீண்ட மெல்லிய நாணைக் கட்டைவிரலுக்கும் மாற்றிப் பொருத்தும் அறுவைக்குக் காலக்கெடு இல்லை. மூட்டுகள் விறைக்காமல் இருந்தால் போதும். அதனால் அவர்கள் வந்ததும் நான் முதலில் பார்ப்பது நரம்பை அல்ல, விரல்களின் அடிமூட்டு மற்ற கையால் தள்ளினால் முழுதாக நிமிர்கிறதா என்பதை.